வாங்குவோர் கேள்வி-பதில்: மகனுக்கு எழுதிய சலவைக் கடிதம்

கேள்வி: விடுதிக்குப் போகும் மகனுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். “கண்ணா, சட்டையில் மை பட்டால் உடனே நனைத்து, சோப்புப் போட்டு நன்றாகத் தேய். அக்குளில் மஞ்சள் படிந்தால் வெந்நீரில் பிளீச் விட்டு ஊறவை” என்று அதில் சொல்லியிருக்கிறேன். இது சரிதானா? என்ன வாங்கிக் கொடுத்து அனுப்பலாம்?

பதில்: கடிதத்தைக் கொடுப்பதற்கு முன் அந்த இரண்டு வரிகளையும் மாற்றிவிடுங்கள், அம்மா.

மை என்பது ஒரே பொருள் அன்று. மைப்பேனாவின் மை பெரும்பாலும் நீரில் கரையும் சாயம் என்பதால், குழாயடியில் குளிர்ந்த நீரைக் கறையின் பின்புறத்திலிருந்து ஓடவிட்டாலே பெரும்பகுதி வெளியேறிவிடும். பால்பாயிண்ட் பேனாவின் மை எண்ணெய்ப் பசை கொண்டது; அதை நனைத்துத் தேய்த்தால் கரையாமல் அகலமாகப் பரவும். அதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதக் கரைசல் போதும்; அது இல்லையென்றால் நிறமில்லாத சானிடைசர் உதவும்.

பையில் பேனா கசிந்த வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொள்வோம். முதலில் உள்பக்கத் தையல் மடிப்பில் ஒரு சொட்டு விட்டுத் துணிக்குக் கெடுதல் இல்லை என்று பார்க்க வேண்டும். பிறகு பையைப் பிரித்து, மை மறுபக்கத்துக்கு இறங்காதபடி இடையில் மடித்த வெள்ளைத் துணியை வைத்து, கறை அதன்மேல் கவிழும்படி விரித்து, பின்புறத்திலிருந்து ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒற்ற வேண்டும், தேய்க்கவே கூடாது. அடித்துணியில் நீலம் இறங்கும். இறங்கிய இடத்தை ஒவ்வொரு முறையும் நகர்த்தாவிட்டால், வெளியேறிய மை அதே சட்டைக்குத் திரும்பிவிடும். அடித்துணியில் புதிதாக நிறம் ஏறாதபோது நிறுத்திவிட்டு, குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டு அலசலாம். ஈரத்தோடு வெளிச்சத்தில் பார்த்துக் கறை முழுதும் போனதை உறுதிசெய்யும் வரை இஸ்திரி போடக் கூடாது, ஏனெனில் சூடு மீதிக் கறையை நிலைக்க வைத்துவிடும். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதையும் கடிதத்தில் எழுதுங்கள். ஜெல் பேனாவின் மையில் பெரும்பாலும் கரையாத நிறத்துகள்கள் இருப்பதால் இந்த முறைக்கு அது முழுதாக இணங்காது. வெள்ளைச் சட்டை அணியும் பிள்ளைக்கு, நீரில் கழுவினால் போகும் மை என்று குறித்த பேனாவை வாங்கித் தருவதே நல்லது.

அக்குள் மஞ்சளுக்குக் காரணம் வியர்வை மட்டுமன்று. வியர்வைத் தடுப்பானில் உள்ள அலுமினிய உப்புகள் வியர்வையோடும் உடல் எண்ணெயோடும் சேர்ந்து படிகின்றன. குளோரின் பிளீச் அந்த மஞ்சளை மேலும் அழுத்தமாக்கக்கூடும். சோடியம் பெர்கார்பனேட் அடங்கிய ஆக்சிஜன் பிளீச் தூளை வாங்கி, உறையில் குறித்த அளவில் வெதுவெதுப்பான நீரில் கரைத்துச் சில மணி நேரம் ஊறவைக்கச் சொல்லுங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகாது. கரைத்த நீரைப் புட்டியில் மூடி வைத்தால் உள்ளே வாயு சேர்ந்து புட்டி வெடிக்கலாம்; ஆகையால் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும்.

கேள்வி: “அனைத்துக் கறைகளையும் நீக்கும்” என்று அச்சிட்ட திரவத்தை நீலச் சட்டையில் தடவினேன். வெள்ளைத் திட்டு விழுந்துவிட்டது. கடைக்காரர் திரும்பப் பெற மறுக்கிறார்.

பதில்: உங்கள் கோபம் முற்றிலும் நியாயமானது. அந்த வாசகத்தை நம்பி ஒரு கறைநீக்கும் குச்சியை நானும் வாங்கினேன்; மையிலும் எண்ணெயிலும் அது சாதாரண சோப்பு செய்வதற்கு மேல் எதையும் செய்யவில்லை, உறையில் உட்பொருள்களின் பெயரும் இல்லை. எண்ணெய், புரதம், சாயம், துரு ஆகிய ஒவ்வொன்றுக்கும் வேறுவேறு வேதிப்பொருள் தேவைப்படும்போது, எல்லாவற்றுக்கும் ஒரே புட்டி என்று விற்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. என்ன இருக்கிறது என்று சொல்லாத புட்டியைக் கடையிலேயே வைத்துவிட்டு வருவது வாங்குபவரின் உரிமை.

உங்கள் புட்டியில் சோடியம் ஹைப்போகுளோரைட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது குளோரின் பிளீச், வண்ணத் துணியின் சாயத்தை அழிக்கும். “வண்ணத் துணிக்கு ஏற்றது” என்று அச்சிட்டிருந்தாலோ எச்சரிக்கையே இல்லாதிருந்தாலோ, புட்டி, ரசீது, சட்டையின் படம் மூன்றையும் சேர்த்துத் தயாரிப்பாளருக்கு எழுதி, புட்டியின் விலையை மட்டுமன்றிச் சட்டையின் விலையையும் கேளுங்கள்.

கேள்வி: கறைநீக்கியின் உறையைப் படிக்காமல் வீசிவிட்டேன். எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும்?

பதில்: எந்தப் பொருள் என்றே நீங்கள் எழுதாதபோது நேரத்தை நான் எப்படிச் சொல்வேன்? கடைக்குப் போய் அதே உறையைப் படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: பிளீச்சில் வினிகர் சேர்த்தால் வேகமாக வெளுக்குமா?

பதில்: சேர்க்காதீர்கள், குளோரின் பிளீச்சும் வினிகரும் கலந்தால் நச்சு வாயு வெளியேறும்.