களி சாப்பிட்ட அரை மணியில் மயக்கம்: அந்த நேரத்து பிரஷரை அளந்து பாருங்கள்

கேள்வி: என் மாமனாருக்கு 78 வயசு. பத்து வருஷமா சுகரும் பிரஷரும் இருக்கு. காலையில களி சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கிட்டு திண்ணையில உக்காருவார். அரை மணி, முக்கால் மணி கழிச்சு எழுந்தா கண்ணு இருட்டுதுன்னு சாய்ஞ்சிடறார். இந்த மாசம் ரெண்டு தடவை விழுந்துட்டார். ஆஸ்பத்திரியில பார்த்தா பிரஷர் 140, நார்மல்தான்னு சொல்றாங்க. சர்க்கரைத் தண்ணி கொடுக்கிறோம். என்ன செய்யறது? – பாலக்கோட்டிலிருந்து ஒரு மருமகள்

பதில்: ஆஸ்பத்திரியில் பார்த்த 140 பொய்யில்லை. ஆனால் அது அவர் விழுகிற நேரத்து எண் இல்லை. சாப்பிட்டு முடித்த இரண்டு மணி நேரத்துக்குள் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், அதைச் சாப்பாட்டுக்குப் பின் வரும் ரத்த அழுத்தச் சரிவு என்கிறோம். நீங்கள் எழுதியிருப்பது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். உறுதி செய்ய அளந்துதான் பார்க்க வேண்டும், அதை வீட்டிலேயே செய்யலாம்.

சாப்பிட்டதும் செரிமானத்துக்காகக் குடல் பக்கம் நிறைய ரத்தம் போய்விடும். இளைஞர்களுக்கு உடனே இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும், கைகால் ரத்தக் குழாய்கள் சுருங்கும், அழுத்தம் நிலையாக நிற்கும். வயதாகும்போது இந்தச் சமாளிப்பு மந்தமாகிறது. பல வருஷ சர்க்கரை நோய், அதைத் தானாக நடத்துகிற நரம்புகளையும் அரித்துவிடும். நடுக்குவாத நோய் உள்ளவர்களுக்கும் இதே கதைதான். இந்த நிலையில் எழுந்து நின்றால் மிச்ச ரத்தம் காலுக்கு இறங்குகிறது, மூளைக்குப் போவது குறைகிறது, கண் இருட்டுகிறது.

எல்லாச் சாப்பாடும் ஒரே மாதிரி அழுத்தத்தை இறக்காது. மாவுச்சத்தும் இனிப்பும்தான் அதிகம் இறக்கும். நம் பக்கத்தில் கேழ்வரகு சுகருக்கு நல்லது என்று பெரிய உருண்டையாகப் போடுகிறோம். கேழ்வரகிலும் பெரும்பங்கு மாவுச்சத்துதான். அதுவும் களியை யாரும் மெல்லுவதில்லை. சூடாக, வேகமாக விழுங்குகிறோம். கூடவே பிரஷர் மாத்திரை. இரண்டும் சேர்ந்து ஒரே மணி நேரத்தில் அழுத்தத்தைக் கீழே இழுக்கின்றன.

காரிமங்கலம் பக்கத்திலிருந்து 74 வயது அம்மா ஒருவரை அழைத்து வந்தார்கள். சாப்பிட்ட தட்டைக் கழுவக் கொல்லைக் குழாய்க்குப் போகும்போதுதான் விழுவார். மகளிடம் கைப்புயத்தில் கட்டும் மிஷினில் அளந்து எழுதச் சொன்னேன். காலண்டர் தாள் முதுகில் எழுதிக்கொண்டு வந்தார். களிக்கு முன் 148, நாடித்துடிப்பு 74. சாப்பிட்டு முடித்த 15-வது நிமிஷம் 136. அரை மணியில் 118. முக்கால் மணியில் 106. ஒரு மணியில் 110, ஒன்றரை மணியில் 128, இரண்டு மணியில் 140. ஆக, 42 சரிந்து மறுபடி ஏறிவிட்டது. பத்து மணிக்கு மேல் யார் பார்த்தாலும் நார்மல்தான். இன்னொன்றையும் கவனித்தேன்: அழுத்தம் 106-க்கு இறங்கியபோதும் நாடி 76-ஐத் தாண்டவில்லை. துடிப்பைக் கூட்டிச் சமாளிக்க வேண்டிய நரம்பு வேலை செய்யவில்லை என்பதற்கு அது ஒரு தடயம்.

உங்கள் மாமனாருக்கும் இப்படியே இரண்டு மூன்று நாள் எழுதுங்கள். உட்கார்ந்தபடி, ஒரே கையில், பேசாமல் அளக்க வேண்டும். தலை சுற்றினால் அளவை விட்டுவிட்டுப் படுக்க வையுங்கள். மிஷின் இல்லையென்றால் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியரிடம் கேட்டுப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். ‘சாப்பிட்டு முக்கால் மணி கழித்து வந்து ஒரு தடவை பாருங்கம்மா’ என்று நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

அந்த அம்மாவுக்குச் செய்தது இதுதான். சாப்பாட்டுக்குக் கால் மணி முன்னால் இரண்டு டம்ளர், அதாவது சுமார் 400 மில்லி வெறும் தண்ணீர். இது வயதானவர்களுக்குச் சிறிது நேரம் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். ஆனால் இதய பலவீனத்துக்கோ கிட்னிக்கோ தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. அப்புறம், ஒரு முழு உருண்டையைப் பாதியாக்கினோம். மீதிப் பாதி பதினொரு மணிக்கு. முதல் பாதியோடு ஒரு முட்டை, இல்லாவிட்டால் கெட்டியான கொள்ளுப் பருப்பு, கீரைக் கடைசல். களியை ஆவி அடங்கவிட்டு மெதுவாகச் சாப்பிடச் சொன்னோம். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறு சிறு வேளைகளாக உடைப்பதுதான் இதில் முக்கியம். மொத்த அளவைக் குறைத்துவிடாதீர்கள், ஏற்கெனவே மெலிந்தவர் இன்னும் மெலிந்துபோவார்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், நேரத்தையும் நீங்களாக மாற்றாதீர்கள். எழுதிய தாளை டாக்டரிடம் காட்டி, பிரஷர் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடாமல் இரு வேளைக்கு நடுவில் போடலாமா என்று கேளுங்கள். நீர் பிரியும் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, நடுக்குவாத மாத்திரை ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். இவையும் அழுத்தத்தை இறக்கும். சுகர் மாத்திரையைச் சாப்பாட்டு நேரத்திலிருந்து பிரித்துவிடக் கூடாது. சிறு வேளைகளாகப் பிரிக்கும்போது அதன் அளவு சரிதானா என்பதையும் அவரே பார்க்கட்டும். ரத்தசோகைக்கும் இதயத் துடிப்புக் கோளாறுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் கட்டாயம் எடுத்துவிடுங்கள்.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மாவுக்குச் சாப்பாட்டுக்கு முன் 146, மிகக் குறைந்த எண் 124. இன்னும் 22 இறங்கத்தான் செய்கிறது, முழுதாகப் போகவில்லை. அதனால் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் கட்டிலில் தலையணை உயர்த்திச் சாய்ந்திருக்கச் சொன்னோம். தட்டை மகள் எடுத்துக்கொள்வார். கக்கூஸுக்குப் போவதைச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துக்கொள்வார். அந்த நேரத்தில் வெயிலில் நிற்பதும் வெந்நீர்க் குளியலும் கிடையாது. எழுந்தே ஆக வேண்டுமென்றால் ஒரு நிமிஷம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, கெண்டைக்காலை இறுக்கித் தளர்த்தி, ஒரு கையைப் பிடித்துக்கொண்டுதான்.

இப்போது சர்க்கரைத் தண்ணீர். சாப்பிட்டு அரை மணியில் வருகிற மயக்கம் பெரும்பாலும் சுகர் குறைந்ததால் இருக்காது. அப்போது இனிப்பைக் கரைத்துக் கொடுத்தால் அழுத்தம் இன்னும் இறங்கலாம். சுகர் தாழ்வது பெரும்பாலும் சாப்பாடு தள்ளிப்போகும்போது, வியர்வையும் கை நடுக்கமும் பசியுமாக வரும். ஆனாலும் சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் ஊகிக்க வேண்டாம், விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் நினைவோடு இருப்பவருக்கு உடனே குளுக்கோஸ் கொடுங்கள். மிஷின் கையில் இல்லை, வியர்வையும் நடுக்கமும் இருக்கிறது என்றால் குளுக்கோஸ் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

மயங்கிச் சாய்ந்தால் நாற்காலியில் தூக்கி உட்கார வைக்காதீர்கள். நம் வீடுகளில் அதைத்தான் முதலில் செய்கிறோம். இருக்கிற இடத்திலேயே மல்லாக்கப் படுக்கவைத்து, காலைத் தலையணை மேல் தூக்கி வையுங்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துத் திருப்புங்கள். முழு நினைவு வரும்வரை வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சாதாரணமாக ஒரு நிமிஷத்தில் தெளிந்துவிடும். தெளியாவிட்டாலோ, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், ஒரு பக்கக் கைகால் பலவீனம் இருந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்டிருந்தால், குறிப்பாக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், நன்றாகப் பேசினாலும் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.