விளம்பரம் வராத வேலைக்கு ஒரு மின்னஞ்சல்

அன்புள்ள ஐயா,

கோலாலம்பூரில் வணிகவியல் இறுதியாண்டு படிக்கிறேன். பங்சார் சவுத்தில் உணவு ஆர்டர் செயலி நடத்தும் ஒரு சின்ன ஸ்டார்ட்அப்பில் பயிற்சி வேலை செய்ய ஆசை. அவர்கள் விளம்பரம் எதுவும் போடவில்லை. நிறுவனருக்கே நேரடியாக எழுதினால் தொந்தரவு என்று நினைப்பாரா? வரைவை இணைத்திருக்கிறேன். ரெஸ்யூமே ஒரு பக்கமா, இரண்டு பக்கமா?

ப., செந்தூல்

அன்புள்ள ப.,

ஒரு பக்கம். அதோடு அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள்.

உங்கள் வரைவைப் படித்தேன். 'கடின உழைப்பாளி', 'கற்கும் ஆர்வம் கொண்டவன்', 'எந்தப் பிரிவிலும் பணிபுரியத் தயார்'. தம்பி, இதை ஐம்பது நிறுவனங்களுக்கு அனுப்பலாம், ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். அதுதான் குறை. எந்தப் பிரிவிலும் என்கிறீர்களே, ஏழெட்டுப் பேர் இருக்கும் இடத்தில் பிரிவு ஏது? உங்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்று யோசிக்கும் வேலையையும் அவர் தலையிலேயே கட்டுகிறீர்கள். அதற்கு நேரம் இருந்திருந்தால் அவரே விளம்பரம் போட்டிருப்பார்.

ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் என் சித்தப்பா ஜவுளி மொத்த வியாபாரம் செய்தார். வேலை கேட்டு வருகிறவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். ஒருநாள் ஒரு பையன் வந்தான். வேலை இருக்கிறதா என்று கேட்கவில்லை. மேசையில் கம்பியில் குத்தி வைத்திருந்த டெலிவரி சீட்டுகளைக் காட்டி, "அங்கிள், பாதிச் சீட்டில கையெழுத்தே இல்லையே, சரக்கு வரலன்னு கடைக்காரர் சொன்னா என்ன செய்வீங்க? சனிக்கிழமை நான் போய் வாங்கிட்டு வரட்டுமா?" என்றான். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை உட்காரச் சொன்னார். அவரை மாதக்கணக்காக அரித்துக்கொண்டிருந்த விஷயம் அது.

உங்கள் நிறுவனரின் மேசையிலும் அப்படி ஒன்று இருக்கும். வணிகவியல் படித்தவர் கண்ணுக்கு வெளியிலிருந்தே தெரியும். அந்தச் செயலியின் விமர்சனங்களைப் படியுங்கள். 'ரீஃபண்ட் இன்னும் வரவில்லை' என்று நாலைந்து பேர் எழுதியிருந்தால், உள்ளே என்ன நடக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு நாளில் 50 ரிங்கிட் வீதம் 20 ஆர்டர்கள் என்று வைத்துக்கொள்வோம். விற்பனை 1,000. வாடிக்கையாளரின் பணத்தை வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வே தன் கட்டணமாக 25 பிடிக்கிறது, ஓர் ஆர்டருக்கு 50 திரும்பப் போகிறது. ஓரிரு நாள் கழித்து வங்கியில் 925 மட்டும் ஒரே தொகையாக விழுகிறது. அவசரத்தில் யாராவது 925-ஐயே விற்பனை என்று எழுதிவிடுவார்கள். கட்டணம் செலவுக் கணக்கில் ஏறாது. எந்த ஆர்டருக்கு ரீஃபண்ட் போனது என்பதும் அந்த ஒற்றைத் தொகைக்குள் மறைந்துவிடும். வாடிக்கையாளர் போன் செய்தால் யாருக்கும் பதில் தெரியாது. இ-இன்வாய்ஸ் கட்டாயமான நிறுவனம் என்றால் தலைவலி இன்னும் கூடும். தனி இன்வாய்ஸ் கேட்காத வாடிக்கையாளர்களின் விற்பனையை மாதம் முடிந்து 7 நாட்களுக்குள் தொகுத்து வருமான வரி வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே போவது 925-ஆக இருக்கக் கூடாது.

ஆர்டர் பட்டியல், கேட்வேயின் செட்டில்மெண்ட் அறிக்கை, வங்கி அறிக்கை மூன்றையும் ஆர்டர் எண் பிடித்து ஒத்துப் பார்க்கும் வேலை உங்களுக்குத் தெரியும். அதை எழுதுங்கள். இப்படி:

"உங்கள் செயலியின் விமர்சனங்களில் ரீஃபண்ட் தாமதம் பற்றிச் சிலர் எழுதியிருப்பதைப் பார்த்தேன். கேட்வே செட்டில்மெண்ட்டை ஆர்டர்களோடு ஒத்துப் பார்ப்பதை இப்போது யாராவது கையால் செய்கிறார்களா? ஒரு மாதக் கணக்கை எக்செலில் நான் ஒத்துப் பார்த்துத் தருகிறேன். பெயர், போன் எண் நீக்கிய கோப்பே போதும். பிடித்திருந்தால் என் பயிற்சிக் காலத்தை உங்களிடம் செய்ய விரும்புகிறேன்."

கேள்வியாகவே கேளுங்கள், 'உங்கள் கணக்கில் குழப்பம்' என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். நீங்கள் பார்த்தது விமர்சனத்தை, அவர் கணக்கை அல்ல. கணக்கை வெளி நிறுவனத்திடம் கொடுத்திருக்கலாம், ரீஃபண்ட் தாமதம் வாடிக்கையாளரின் வங்கியிலேயே இருக்கலாம். அப்படியானால் அதைச் சொல்லியாவது பதில் போடுவார். வங்கிக் கணக்கைத் திறந்துகாட்டும்படி முன்பின் தெரியாதவர் கேட்கவும் கூடாது.

அப்புறம், பயிற்சி தொடங்கும் தேதி, எத்தனை வாரம், பல்கலைக்கழகத்துக்காக அவர் எதில் கையெழுத்துப் போட வேண்டும், இதை இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். லத்திஹான் இண்டஸ்ட்ரி என்றாலே கட்டுக் காகிதம் வரும் என்று சின்ன முதலாளிகளுக்குப் பயம். அலவன்ஸை அவர் பதில் போட்ட பிறகு கேளுங்கள், கேட்காமல் மட்டும் இருக்காதீர்கள். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் அதே மின்னஞ்சலின் கீழ் ஒரே ஒரு நினைவூட்டல் போதும்.

நிறுவனரின் பெயரை உங்கள் வரைவில் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைத் திருத்துங்கள்.