24 நாளா, 20 நாளா? தாமதத் தொகையைப் பிடிக்கும் முன் ஒரு கடிதம்

கேள்வி: 240 இரும்பு அலமாரிகளுக்கு ஆர்டர் கொடுத்திருந்தோம். மொத்த மதிப்பு வரி நீங்கலாக 6,00,000. மார்ச் 10-க்குள் எங்கள் இடத்தில் இறக்க வேண்டும். கதவில்லாத 90 அலமாரிகள் மார்ச் 8 அன்றே வந்துவிட்டன. கதவுள்ள 150 ஏப்ரல் 3 மாலையில்தான் வந்தன. எண்ணிச் சரிபார்த்து வரவு வைத்தது ஏப்ரல் 5. ஒப்பந்தத்தில், “தாமதமான சரக்கின் வரி நீங்கிய மதிப்பில் ஒவ்வொரு வாரத்துக்கும் அல்லது வாரத்தின் பகுதிக்கும் 1 சதவீதம், அதிகபட்சம் 10 சதவீதம்” என்று இருக்கிறது. எங்கள் கணக்காளர் 24,000 பிடிக்கச் சொல்கிறார். கதவின் வண்ண மாதிரிக்கு ஒப்புதல் தர நாங்களும் 4 நாள் தாமதம் செய்தோம். சப்ளையர் நல்ல மனிதர். அவரிடமே மறுபடியும் வாங்க வேண்டும். உறவு கெடாமல் எப்படி எழுதுவது?

பதில்: கடிதத்தின் மரியாதை பெரும்பாலும் கணக்கில்தான் இருக்கிறது. “தயவுசெய்து”, “அன்புகூர்ந்து” என்று பத்து இடத்தில் எழுதிவிட்டு, தொகையைத் தவறாகப் போட்டால் படிக்கிறவருக்குக் கோபம்தான் வரும். ஆகவே முதலில் அந்த 24,000-ஐப் பிரித்துப் பார்ப்போம்.

உங்கள் கணக்காளர் மொத்த ஆர்டர் மதிப்பான 6,00,000-ஐ எடுத்து, நான்கு வாரத்துக்கு 4 சதவீதம் போட்டிருக்கிறார். உங்கள் ஒப்பந்தமோ “தாமதமான சரக்கின்” மதிப்பு என்கிறது. 90 அலமாரிகள் கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிட்டன. அவற்றுக்கும் சேர்த்துப் பிடிக்க ஒப்பந்தத்தில் இடமில்லை. கதவில்லாதது ஒன்று 2,000, கதவுள்ளது ஒன்று 2,800 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் மொத்தத் தொகையோடு அது பொருந்துகிறது. உங்கள் ஆர்டரில் வேறு விலை இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்படியானால் தாமதமான 150 அலமாரிகளின் மதிப்பு 4,20,000. கணக்கு இந்தத் தொகையில்தான் தொடங்க வேண்டும். பில்லின் அடியில் வரி சேர்ந்து வரும் தொகையை எடுத்துவிடாதீர்கள். இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது நாள். கடைசி நாள் மார்ச் 10 என்றால், அந்த நாள் முழுவதும் சப்ளையருக்குச் சொந்தம். தாமதத்தின் முதல் நாள் மார்ச் 11. அங்கிருந்து மார்ச் 31 வரை 21 நாள், ஏப்ரலில் 3 நாள், ஆக 24. முடிவு நாள் ஏப்ரல் 3-தான், 5 இல்லை. உங்கள் இடத்தில் இறக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை; அது மூன்றாம் தேதி மாலையே நிறைவேறிவிட்டது. எண்ணிப் பார்க்க இரண்டு நாள் எடுத்தது உங்கள் கிடங்கின் வேகம். அதற்கு அவர் பணம் கட்ட முடியாது. சரிபார்த்து ஏற்றுக்கொண்ட நாளே டெலிவரி நாள் என்று ஒப்பந்தம் வெளிப்படையாகச் சொன்னால் மட்டும் கணக்கு மாறும். ஆகவே கடிதத்துடன் இணைக்க வேண்டியது வாசல் பதிவேட்டுப் பக்கத்தின் நகலும் முத்திரையிட்ட டெலிவரி சலானும். வரவுச் சீட்டை மட்டும் இணைத்தால், அதிலுள்ள ஐந்தாம் தேதியைப் பிடித்துக்கொண்டு வேறொரு வாதம் தொடங்கும்.

இனி உங்களுடைய அந்த நான்கு நாள். இதைக் கேள்வியிலேயே சொன்னீர்களே, அதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும், பலர் மறைத்துவிடுவார்கள். வண்ணம் முடிவாகாமல் கதவுக்குப் பூச்சு கொடுக்க முடியாது. எனவே அந்த 150 அலமாரிகளுக்குக் கெடு மார்ச் 14-க்குத் தள்ளிப்போகிறது என்று நீங்களே எழுதிவிடுங்கள். மார்ச் 15 முதல் ஏப்ரல் 3 வரை 20 நாள். வாரமாக்கினால் இரண்டு முழு வாரமும் ஆறு நாளும். “வாரத்தின் பகுதிக்கும்” என்று பிரிவு சொல்வதால் மூன்று வாரம். 4,20,000-இல் 3 சதவீதம் 12,600. பத்து சதவீத வரம்பு 42,000. அதன் அருகில்கூட நாம் போகவில்லை.

ஒருவேளை உங்கள் பிரிவில் “வாரத்தின் பகுதி” என்ற சொற்கள் இல்லாமல் “ஒவ்வொரு வாரத்துக்கும்” என்று மட்டும் இருந்திருந்தால், முடிந்த வாரங்களை மட்டும் எண்ணி 8,400 என்று நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருப்பேன். சொல் தெளிவாக இல்லாத இடத்தில் நமக்குச் சாதகமாக உருட்டினால், அது வாதத்துக்கு வாசல் திறந்துவிடும்.

விரிதாளில் போடுவதானால், B2-இல் திருத்திய கெடு நாள், B3-இல் சரக்கு வந்த நாள்:

```
=ROUNDUP((B3-B2)/7,0)
```

இதில் சிலர் பழக்கத்தில் ஒன்றைக் கூட்டிவிடுவார்கள். நானும் ஒரு முறை கூட்டியிருக்கிறேன். 21 நாள் தாமதம் 22 ஆகி, மூன்று வாரம் நான்கு வாரமாகிவிட்டது. சப்ளையர் ஒரு வார்த்தை பேசவில்லை. நாட்காட்டிப் பக்கத்தைப் படமெடுத்து, நாட்களில் 1, 2, 3 என்று எண் போட்டு அனுப்பிவிட்டார். மன்னிப்புக் கேட்டு மறுகடிதம் எழுதுவது முதல் கடிதத்தைவிடக் கடினமாக இருந்தது.

கடிதத்துக்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு அவசியம். “தாமதப் பிரிவின்படி ஒரு கடிதம் அனுப்புகிறோம், உங்கள் தரப்பில் தேதி ஏதும் மாறுபட்டால் சொல்லுங்கள்” என்றால் போதும். தொகையைத் தொலைபேசியில் பேச வேண்டாம். பேசினால் பேரம் அங்கேயே தொடங்கிவிடும். கடிதம் பாக்கித் தொகையை அனுப்புவதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். குறைத்த பணம் வங்கியில் விழுந்த பிறகு காரணம் சொல்வதுதான் உறவுகளைக் கெடுக்கிறது.

கடிதம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

“ஐயா, வணக்கம்.

மேற்கண்ட ஆர்டரின்படி 240 அலமாரிகளும் வந்து சேர்ந்தன. நன்றி. கதவில்லாத 90 அலமாரிகளை உரிய நாளுக்கு முன்பே அனுப்பியிருந்தீர்கள்.

கதவுள்ள 150 அலமாரிகளுக்கு ஆர்டரில் குறித்த நாள் மார்ச் 10. வண்ண மாதிரிக்கு ஒப்புதல் தருவதில் எங்கள் தரப்பில் 4 நாள் தாமதம் ஏற்பட்டதால், அந்த நாளை மார்ச் 14 என்று எடுத்துக்கொண்டுள்ளோம். சரக்கு எங்கள் இடத்தில் இறங்கியது ஏப்ரல் 3. எனவே தாமதம் 20 நாள். தாமதப் பிரிவின்படி 3 வாரம்.

தாமதமான சரக்கின் மதிப்பு: 150 × 2,800 = 4,20,000
வாரத்துக்கு 1 சதவீதம்: 4,200
மூன்று வாரத்துக்கு: 12,600

இத்தொகையை இறுதி பில்லில் கழித்துக்கொள்ள எண்ணியுள்ளோம். தேதிகளிலோ கணக்கிலோ மாறுபாடு இருந்தால், உரிய ஆவணத்துடன் 7 நாளுக்குள் தெரிவிக்க வேண்டுகிறோம், பார்த்துத் திருத்திக்கொள்கிறோம். மாறுபாடு இல்லையெனில் மீதித் தொகையை வழக்கமான கெடுவுக்குள் அனுப்பிவிடுவோம். வாசல் பதிவேடு, டெலிவரி சலான், ஒப்புதல் மின்னஞ்சல் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளோம்.”

இதில் “அபராதம்” என்ற சொல் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். அபராதம் குற்றத்துக்கு விதிப்பது. இந்தப் பிரிவு, தாமதத்தால் வரும் நட்டத்துக்கு இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஈடு. இது வெறும் நாகரிகத்துக்காகச் சொல்வது இல்லை: தண்டிக்கும் நோக்கத்தில் வைத்த தொகையை ஏற்க மறுக்கும் சட்டமுறைகள் உண்டு. கிடங்கு திறப்பது தள்ளிப்போனது, சரக்கை வேறிடத்தில் வைக்க வாடகை கொடுத்தது என்று உங்களுக்கு உண்மையில் வந்த நட்டத்தை ஒரு பக்கத்தில் குறித்துக் கோப்பில் வைத்திருங்கள். கடிதத்தில் அது வேண்டாம்.

“வேறு வழியில்லாமல்”, “மனவருத்தத்துடன்” போன்றவையும் வேண்டாம். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைச் செயல்படுத்த நீங்கள் வருந்தத் தேவையில்லை. வருந்தினால், தள்ளுபடி கேட்கலாம் போலிருக்கிறதே என்று எதிர்த் தரப்புக்குத் தோன்றும். இரண்டு அலமாரிகளில் கீறல் இருந்தால் அதையும் இதே கடிதத்தில் சேர்க்காதீர்கள். தரப் புகாருக்கு வேறு பிரிவு, வேறு கடிதம். இரண்டையும் கலந்தால், கீறலைப் பற்றி மட்டும் நான்கு பக்கம் பதில் வரும்; தாமதம் காணாமல் போய்விடும்.

பணம் அனுப்பும்போது அவருடைய பில்லைத் திருத்தி அனுப்பச் சொல்லாமல், 12,600-க்குத் தனியாக ஒரு டெபிட் நோட் எழுதுங்கள். அதில் ஆர்டர் எண்ணும் கடிதத் தேதியும் இருக்கட்டும். வரியை எப்படிச் சரிக்கட்டுவது என்பது ஊருக்கு ஊர் மாறும். அதை உங்கள் தணிக்கையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர் பதில் எழுதுவார். தகடு கிடைக்கவில்லை, லாரி கிடைக்கவில்லை என்று எழுதினால், அவை பொதுவாக அவர் பொறுப்பிலேயே வரும். ஒப்பந்தத்தின் தவிர்க்க முடியாத நிகழ்வுப் பிரிவில் அவை இருக்கின்றனவா, அப்போதே அறிவித்தாரா என்று மட்டும் பாருங்கள். “ஏப்ரல் 1 அன்றே லாரி உங்கள் வாசலில் நின்றது, இறக்க ஆளில்லை” என்று எழுதினால் அது வேறு. பதிவேட்டில் பார்த்து, உண்மையானால் உடனே ஒப்புக்கொள்ளுங்கள். அப்போது தாமதம் 18 நாள். ஆனாலும் மூன்று வாரம்தான், தொகை மாறாது. மூன்று இரண்டாக இறங்க, 20 நாளில் அவர் 6 நாளைக் குறைத்துக் காட்ட வேண்டும். பதில் வருவதற்கு முன்பே இந்த எண்ணைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஓரிரு நாளுக்காக மல்லுக்கட்டத் தேவையே இருக்காது.

நல்ல மனிதர் என்பதற்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத் தோன்றினால், தொகையில் விட்டுக்கொடுங்கள், நாளில் வேண்டாம். “தாமதம் 20 நாள், கழிக்கத்தக்கது 12,600; இந்த ஆர்டருக்கு மட்டும் 6,300 கழிக்கிறோம்” என்று எழுதலாம். நாளைக் குறைத்து எழுதினால், கெடுவை எண்ணும் முறையே அதுதான் என்று அடுத்த ஆர்டரில் அவர் சொல்வார். அப்போது உங்கள் கையெழுத்தே அவருக்குச் சாட்சி.