பயணத்துக்கும் சிறு சமையலறைக்கும் ஏற்ற கைக் காப்பி அரைப்பான்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் சிறிய வீடு, ஊருக்குப் போகும்போதும் எடுத்துச் செல்ல எந்தக் கை அரைப்பான் வாங்கலாம்?

முதலில் அரவைப் பற்களைப் பாருங்கள். உள்ளிருக்கும் கூம்புப் பல்லை விரலால் பக்கவாட்டில் தள்ளும்போது அது ஆடினால், தூளும் குருணையும் கலந்து விழுந்து, காப்பி ஒரே வாயில் கசந்தும் புளித்தும் இருக்கும். என் பழைய பீங்கான் பல் அரைப்பான் அப்படித்தான் இருந்தது. ஆகவே தண்டை மேலும் கீழும் பேரிங் தாங்கும் எஃகுப் பல்லையே தேர்ந்தெடுங்கள்.

ஒரு கோப்பைக்கு 15 கிராம் கொட்டை போதுமென்பதால், 20 கிராம் கொள்ளளவே போதும், பைக்குள்ளும் அடங்கும். பெரிய லைபீரிகா கொட்டை என்றால் அதுவும் சற்று நெருக்கடிதான்.

அரவையின் நயத்தை அமைக்க, பற்கள் உரசும் வரை அளவுத் திருகை இறுக்கி, அந்த இடத்தைப் பூச்சியமாக வைத்து, அங்கிருந்து எத்தனை ‘கிளிக்’ தளர்த்தினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கழற்றித் துடைத்தபின் பூச்சியத்தை மீண்டும் சரிபாருங்கள்.