இரண்டு படம், ஒரே குப்பி

கேள்வி: CH₂Cl₂-இல் இரண்டு குளோரினும் எதிரெதிரே நின்று இழுப்பதால் சமமாகிவிடும், அதனால் அது போலார் இல்லை என்று எழுதினேன். சிவப்புக் கோடு போட்டுவிட்டார்கள். CO₂-க்கு மட்டும் அதே விளக்கம் சரியாம். ஏன் இந்த ஓரவஞ்சனை?
— ஆறாம் படிவ மாணவி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: ஓரவஞ்சனை செய்தது திருத்தியவர் அல்ல, நீங்கள் வரைந்த காகிதம். அது தட்டை. கார்பன் தட்டை இல்லை.

உங்கள் விதியை உங்கள் படத்தின் மேலேயே ஏவிப் பார்ப்போம். பக்கத்து மேசைத் தோழி அதே CH₂Cl₂-ஐ, ஒரு குளோரினை மேலேயும் இன்னொன்றை வலப்பக்கத்திலும் வைத்து வரைகிறார். அவர் படத்தில் இரண்டு இழுப்பும் ஒரே மூலைக்குச் சாய்கின்றன, ஆகவே போலார். உங்கள் படத்தில் போலார் இல்லை. இரண்டு படமும் நிஜமானால் இரண்டு விதமான டைகுளோரோமீத்தேன் இருந்தாக வேண்டும், கொதிநிலையும் வேறு வேறாக இருக்க வேண்டும். ஆனால் உலகத்தில் இருப்பது ஒன்றே ஒன்றுதான், ஏறக்குறைய 40 பாகை செல்சியஸில் கொதிப்பது. இந்த 'ஒன்றுதான்' என்பதையும் ஒரு சான்றாகப் பிடித்துக்கொண்டுதான் 1874-இல் வாண்ட் ஹாஃப் என்ற 22 வயது டச்சுக்காரர், கார்பனின் நான்கு பிணைப்புகளும் ஒரே தளத்தில் கிடக்கவில்லை, ஒரு நான்முகியின் நான்கு மூலைகளை நோக்கி நிற்கின்றன என்று வாதிட்டார். அப்போது கேலி செய்த பெரியவர்களும் உண்டு.

சரி, அடுப்படிக்குப் போங்கள். ஒரு லீமாவ் கஸ்தூரி, ஒரே அளவாக நறுக்கிய நான்கு சாத்தே குச்சி, நாலைந்து சின்ன வெங்காயம் போதும். பழம்தான் கார்பன்; நான்கு குச்சியையும் அதில் சம இடைவெளி விட்டுச் செருகுங்கள். மூன்று குச்சிகள் முக்காலி போல மேசையில் ஊன்றி நிற்க, நான்காவது நேராக மேலே பார்க்கட்டும். வெங்காயம்தான் குளோரின், வெறும் நுனி ஹைட்ரஜன். எந்த இரண்டு குச்சியில் வெங்காயத்தைச் செருகினாலும், பழத்தைத் திருப்பிப் பார்த்தால் அதே உருவம்தான் வரும். எந்த இரண்டு குச்சிக்கும் நடுவே ஏறக்குறைய 109.5 பாகைதான்; நீங்கள் நம்பியிருந்த 180 எங்கேயும் அகப்படாது. CO₂-இல் கார்பனைச் சுற்றி இரண்டே திசைகள் என்பதால் ஆக்சிஜன்கள் உண்மையிலேயே எதிரெதிரே நிற்கின்றன. அங்கே காகிதம் பொய் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது நான்கு நுனியிலும் வெங்காயம் செருகுங்கள்: CCl₄. யாருக்கும் நேர் எதிரே யாரும் இல்லை, ஆனாலும் மொத்த இழுப்பு பூஜ்யம். எப்படி? கீழே உள்ள மூன்றும் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருப்பதால், ஒவ்வொன்றின் இழுப்பிலும் மூன்றில் ஒரு பங்குதான் கீழ்நோக்கி வேலை செய்கிறது. மூன்று பங்கும் சேர்ந்தால் ஒன்று. மேலே இழுக்கும் ஒற்றைக் குளோரினுக்கு அது சரியான ஈடு. பக்கவாட்டு இழுப்புகள் தங்களுக்குள் கழிந்துவிடும்.

அப்புறம் இரண்டு வெங்காயத்தைக் கழற்றுங்கள். மிஞ்சிய இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்வது கண்ணுக்கே தெரியும். ஹைட்ரஜன்கள் எதிர்ப்பக்கம் இழுத்துச் சரிக்கட்டுமோ என்றால், அதுவும் இல்லை. எலக்ட்ரான் கவர்திறன் ஹைட்ரஜனுக்கு 2.20, கார்பனுக்கு 2.55, குளோரினுக்கு 3.16. எலக்ட்ரான்கள் ஹைட்ரஜன் பக்கத்திலிருந்து கார்பனுக்கும், அங்கிருந்து குளோரின் பக்கத்துக்கும் நகர்கின்றன. எல்லாம் ஒரே திசை. அளந்து பார்த்தால் இருமுனைத் திருப்புத்திறன் 1.6 டிபை. பூஜ்யத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை.

கணக்குப் போட ஆசைப்படுவீர்கள் என்று தெரியும், ஆகவே ஓர் எச்சரிக்கை. ஒரே குளோரின் உள்ள CH₃Cl-க்கு ஏறக்குறைய 1.9 டிபை. நான்முகிக் கோணத்தை வைத்து இரண்டைக் கூட்டினால் அதுபோல் 1.15 மடங்கு, அதாவது 2.2 வர வேண்டும். வருவதோ 1.6. ஒரே கார்பனிடமிருந்து இரண்டு குளோரின்கள் பிடுங்கும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது குறைந்துபோகிறது. குளோரோஃபார்மில் மூன்று பேர் பிடுங்குகிறார்கள். வடிவக் கணக்கு 1.9 என்கிறது, அளவீடு 1.0 அருகே நின்றுவிடுகிறது. பூஜ்யமா இல்லையா என்பதற்கு வடிவத்தை நம்பலாம். எவ்வளவு என்பதற்கு அளவுமானியைத்தான் நம்ப வேண்டும்.

அடுத்த முறை விடைத்தாளில் அம்புக்குறி போடுவதற்கு முன்னால், ஒரு பிணைப்பைத் தடித்த ஆப்பாகவும் இன்னொன்றைக் கோடு கோடான ஆப்பாகவும் வரைந்து, பக்கத்தில் 'நான்முகி' என்று எழுதிவிடுங்கள். குளோரின்களை எதிரெதிரே வைக்கக் கை தானாகவே தயங்கும். வெங்காயத்தை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.