ஒப்பந்தத்தைப் பார்த்தபடியே தமிழில் சொல்வது: கேள்வி பதில்

திருப்பூர், பனியன் நிறுவனக் கணக்காளர்: எங்கள் முதலாளிக்கு ஆங்கிலம் வராது. கையெழுத்துக் கூட்டத்தில் ஒப்பந்தத்தை நான்தான் தமிழில் சொல்கிறேன். ஆபத்தான பிரிவைக் கூட்டத்தை நிறுத்தாமல் எப்படிச் சுட்டுவது, அக்கா?

கூட்டம் தொடங்கும்போதே, இரு தரப்பும் கேட்கும்படி, "சில பிரிவுகளில் 'மறுபார்வை' என்று சொல்வேன், கையெழுத்துக்கு முன் அவற்றை மட்டும் சேர்த்துப் பேசிக்கொள்ளலாம்" என்று சொல்லிவிடுங்கள். பிறகு "7.2, மறுபார்வை" என்ற இரண்டு சொற்களும் ஓரத்தில் ஒரு பென்சில் புள்ளியும் போதும். முதலாளியின் காதில் மட்டும் கிசுகிசுத்தால் எதிர்த்தரப்பு சந்தேகப்படும், அங்கேயே வாக்குவாதம் எழுந்து கூட்டம் நின்றுவிடும்.

ஆனால் புள்ளி வைப்பதற்கு முன், ஆபத்து உங்கள் கண்ணில் பட வேண்டும். நான் மொழிபெயர்க்கத் தொடங்கிய காலத்தில் ஒரு கூட்டத்தில் "சரக்கு கிடைத்த 60 நாளில் வாங்குபவர் பணம் தருவார்" என்று வாக்கியத்தை முடித்துவிட்டேன். முதலாளி தலையாட்டினார். அடுத்த வரியில் 'அன்லெஸ்' இருந்தது: வாங்குபவரின் வாடிக்கையாளர் தரக் குறை சொன்னால், அது தீரும்வரை பணம் நிறுத்தப்படும். "ஆனால்" என்று சேர்த்துச் சொன்னேன். அதற்குள் எல்லோர் மனமும் 60 நாளில் நிலைத்துவிட்டது. ஆங்கிலம் பெரும்பாலும் வாக்குறுதியை முன்னே வைத்து விலக்கைப் பின்னே தள்ளும், தமிழிலோ நிபந்தனை முன்னே வருவதுதான் இயல்பு. எனவே வாய் திறக்கும் முன் வாக்கியத்தின் முற்றுப்புள்ளி வரை கண்ணை ஓட்டி, விலக்கையோ நிபந்தனையையோ கொண்டுவரும் 'அன்லெஸ்', 'புரவைடட் தட்', 'நாட்வித்ஸ்டாண்டிங்' எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். இப்போது நான் அதை இப்படிச் சொல்வேன்: "வாங்குபவரின் வாடிக்கையாளர் குறை சொன்னால், அது தீரும்வரை பணம் வராது, குறை சொல்லாவிட்டால் 60 நாளில் வரும். 7.2, மறுபார்வை." குறை தீர்ந்ததை யார் முடிவு செய்வது என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. பேசவேண்டியது அதுதான்.

கோவை, இளம் வழக்கறிஞர்: சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டமே சொல்கிறதே. பிறகு 60 நாளைப் பற்றி ஏன் கவலை?

பாதி சரி. அந்தச் சட்டத்தில் 45 நாள் என்பது சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து கணக்காகிறது. சரக்கு வந்த 15 நாளுக்குள் வாங்குபவர் எழுத்து மூலம் குறை சொன்னால், அது நீங்கிய நாளே ஏற்ற நாளாகும். அந்த நிறுவனத்துக்கு அந்தச் சட்டம் பொருந்துமா என்பதைச் சொல்லவேண்டியவர் நீங்கள். நான் புள்ளியை வைத்துவிட்டு அடுத்த பிரிவுக்குப் போய்விடுவேன்.

பல்லடம், விசைத்தறி உரிமையாளர்: என் தறிக்கூட வாடகைப் பத்திரம் தமிழில்தான் இருக்கிறது, இருந்தும் புரியவில்லை. அதையும் இப்படிப் படித்துக் காட்டலாமா?

அதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை, கையெழுத்துக்கு முன்தினம் வழக்கறிஞருடன் உட்கார்ந்து படிப்பதே பொருத்தம்.

ஈரோடு, மொழிபெயர்ப்பாளர்: பொருளில் குழப்பமே இல்லாத, ஆனால் ஒருதலையான பிரிவுக்கும் 'மறுபார்வை' சொல்வீர்களா?

தாமதமானால் விமானச் சரக்குக் கட்டணம் முழுவதும் உற்பத்தியாளர் தலையில் என்பது போன்ற பிரிவைத்தானே கேட்கிறீர்கள்? ஒரு தரப்பு அமர்த்தியிருந்தால் சொல்வேன். இரு தரப்புக்கும் பொதுவாக அமர்ந்திருக்கும்போது, நிதானமாக, தொகையை அழுத்தி ஒருமுறை சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன். அது போதுமா என்ற உறுத்தல் எனக்கு இன்னும் தீரவில்லை.