கிராண்ட் ரவுண்ட்ஸில் கேஸ் பிரசன்ட் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். ஹிஸ்டரி, டிஃபரன்ஷியல், டிஸ்கஷன் மூன்றும் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கின்றன. எப்படிக் கோப்பது?

இரண்டாம் வருட எம்.டி.யாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் ஹிஸ்டரி ஸ்லைடையே எழுத உட்கார்ந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் செய்து மாட்டிக்கொண்டேன்.

மும்பையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மெடிசின் ரெசிடென்டாக இருந்தபோது நடந்தது இது. அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக நோயாளியின் வயதையும் தொழிலையும் மாற்றியிருக்கிறேன்.

தாராவியில் குடியிருக்கும் தையல்காரர், 45 வயது, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நான்கு மாதமாக அசதி, விட்டுவிட்டு இளங்காய்ச்சல், 11 கிலோ எடை குறைந்திருந்தது. வெளியே ஒரு கிளினிக்கில் டிபியாக இருக்கும் என்று ஊகத்திலேயே மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். பத்து நாளில் வாந்தி அதிகமாகி, எழுந்து நிற்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பி.பி. 80/50. சோடியம் 118, பொட்டாசியம் 5.8, கிரியேட்டினின் 1.3. டிபி மாத்திரை ஈரலைக் கெடுத்துவிட்டது என்று நினைத்தோம். ஈரல் டெஸ்ட் சுத்தமாக இருந்தது. இரண்டு லிட்டர் சலைன் ஏறியும் பி.பி. தேறவில்லை.

இந்தியில் ஹிஸ்டரி எடுத்தவருக்கு அவர் மனைவி சொன்னது பாதிதான் புரிந்திருக்கிறது. நான் தமிழில் பேசியதும் அந்த அம்மா கொட்டித் தீர்த்துவிட்டார். "இவுக முன்ன இப்படி இல்ல தம்பி. ஆறு மாசமா கறுத்துக்கிட்டே போறாக. மோருல உப்ப அள்ளிப் போட்டுக் குடிக்காக." டார்ச் அடித்து வாயைத் திறந்து பார்த்தேன். ஈறிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் மை தெறித்தது போலத் திட்டுகள். உள்ளங்கை ரேகைகள் கறுத்திருந்தன. கார்ட்டிசாலுக்கு ரத்தம் எடுத்து வைத்துவிட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் நரம்பில் போட்டோம். விடிகாலையில் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார். கார்ட்டிசால் 1.9 என்று அப்புறம் வந்தது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சம்பந்தம் இல்லை என்று நினைப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். அந்த மூன்று வருடமும் நான் சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளன். சர்ஜரி, கைனக், ஆர்த்தோ, எந்த வார்டில் தமிழ் பேஷன்ட் படுத்தாலும் ராத்திரி இரண்டு மணிக்கு எனக்குப் போன் வரும். பேசி முடித்ததும் "தேங்க்ஸ், நீ போகலாம்" என்பார்கள். கேஸ் ஷீட்டில் ஒரு நாளும் என் பெயர் வந்ததில்லை. எனக்கு மராத்தி பேஷன்ட் வந்தபோது யாரைக் கூப்பிட்டாலும் பிஸி. சரி, விடுங்கள்.

கிராண்ட் ரவுண்ட்ஸுக்கு முந்தின வாரம் எங்கள் லெக்சரர் மேடம் முன் ஒரு ஒத்திகை. தலைப்பே "அட்ரினல் ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ்". இரண்டாவது ஸ்லைடில், ஊரில் பூட்டிக் கிடந்த பழைய ஓட்டு வீட்டைச் சுத்தம் செய்தார், உள்ளே வௌவால் எச்சம் குவிந்திருந்தது என்று அழகாக எழுதியிருந்தேன். மேடம் அங்கேயே நிறுத்தி, "அட்மிஷன் ஷீட்டில் வௌவால் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். எங்கும் இல்லை. பயாப்சியில் பூஞ்சை வந்த பிறகு போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டது அது. அதை முன்னால் கொண்டுவந்து வைத்ததால், நாங்கள் முதல் நாளிலிருந்தே அதைத் தேடியது போல ஆகிவிட்டது. வௌவாலைப் பார்த்தவுடன் கேட்கிறவருக்கு விடை தெரிந்துவிடும். அதன் பிறகு டிஃபரன்ஷியல் வெறும் சடங்கு. உங்கள் ஸ்லைடுகள் ஒட்டாததற்கும் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

அன்று ராத்திரி எங்களுக்கு என்ன தெரியுமோ அதை மட்டும், தெரிந்த வரிசையிலேயே வைத்து மறுபடி எழுதினேன். மனைவி சொன்னது, அவர் சொன்ன நேரத்திலேயே வந்தது. ஈரல் என்று நாங்கள் தவறாக நினைத்ததையும் போட்டேன். வௌவால் டிஸ்கஷனுக்குப் போனது, "பயாப்சிக்குப் பின் கேட்டது" என்ற குறிப்போடு.

ஹிஸ்டரியிலிருந்து டிஃபரன்ஷியலுக்குப் போக ஒரே ஒரு வாக்கியம்தான் வைத்தேன்: "இத்தனை வாந்தி எடுத்தவருக்குப் பொட்டாசியம் குறைந்திருக்க வேண்டும், இவருக்கு ஏன் கூடியிருக்கிறது?" எடை குறைவுக்கும் காய்ச்சலுக்கும் டிஃபரன்ஷியல் போட்டால் முப்பது நோய் வரும், யாரும் கேட்கமாட்டார்கள். பொட்டாசியத்தைப் பிடித்ததும் மூன்றுதான் மிஞ்சின. சிறுநீரகம் பழுதாக இருக்கலாம், ஆனால் கிரியேட்டினின் 1.3-ஐ வைத்து இவ்வளவுக்கு விளக்கம் சொல்ல முடியாது. பொட்டாசியத்தை ஏற்றும் மாத்திரையாக இருக்கலாம், அவர் அப்படி எதுவும் சாப்பிடவில்லை. மீதி அட்ரினல். கறுப்பும் உப்பு ஆசையும் அங்கே தானாக வந்து சேர்ந்துகொண்டன. கோளாறு பிட்யூட்டரியில் இருந்தால் ஆல்டோஸ்டிரோன் பெரும்பாலும் தப்பித்துவிடும், தோலும் கறுக்காது. அதனால் பழுது அட்ரினலிலேயே என்று சொல்ல முடிந்தது.

அதற்கப்புறம்தான் சி.டி. ஸ்லைடு. இரண்டு அட்ரினலும் பருத்திருந்தன. இங்கே இரண்டாவது டிஃபரன்ஷியல் தொடங்குகிறது. ஆட்டோஇம்யூன் என்றால் சுரப்பி சுருங்கியிருக்கும், அது போச்சு. டிபி, ஹிஸ்டோபிளாஸ்மா, லிம்போமா, வேறு இடத்திலிருந்து பரவிய கேன்சர் என்று நின்றன. நம் ஊரில் டிபியை முதலில் வைக்காமல் முடியாது, நானும் அப்படியே வைத்தேன். விடை தெரியும் என்பதற்காக ஹிஸ்டோபிளாஸ்மாவை மேலே ஏற்றவில்லை. பயாப்சியில் ஜீன்எக்ஸ்பர்ட் நெகட்டிவ். வெள்ளி ஸ்டெயினில் 2 முதல் 4 மைக்ரான் அளவில், குறுகிய கழுத்தோடு மொட்டு விடும் ஈஸ்ட்.

டிஸ்கஷனுக்கு முதலில் ஹிஸ்டோபிளாஸ்மாவின் ஜாதகமே பதினாலு ஸ்லைடு வைத்திருந்தேன். எல்லாவற்றையும் தூக்கிவிட்டு ஒரு கேள்வியை வைத்தேன்: டிபி மாத்திரை ஆரம்பித்த பத்து நாளில் இவர் ஏன் விழுந்தார்? ரிஃபாம்பிசின் ஈரலின் என்சைம்களைத் தூண்டி, இருக்கிற கொஞ்சநஞ்சக் கார்ட்டிசாலையும் வேகமாகக் கரைத்துவிடும். நல்ல அட்ரினல் என்றால் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடும், இவருடையதால் முடியவில்லை. அதே ரிஃபாம்பிசின் இட்ராகோனசோலையும் ரத்தத்தில் நிற்கவிடாது. எனவே பூஞ்சை உறுதியானதும் டிபி மாத்திரையை நிறுத்தி, லைப்போசோமல் ஆம்போடெரிசினில் தொடங்கி, இட்ராகோனசோலை ஒரு வருடமாவது கொடுக்க வேண்டும் என்ற சிகிச்சைப் பகுதியும் இந்தக் கேள்வியிலிருந்தே கிளைத்தது. ஹைட்ரோகார்ட்டிசோன் அவருக்குப் பெரும்பாலும் ஆயுள் முழுக்க.

'டயக்னோசிஸை முதலிலேயே சொல்லிவிட்டால் நேரம் மிச்சம்' என்று சில சீனியர்கள் கீழே எழுதுவார்கள், தெரியும். மருந்தைப் பற்றியோ ஆபரேஷனைப் பற்றியோ மட்டும் பேசும் கேஸ் என்றால் நானும் அப்படித்தான் செய்வேன். நீங்கள் கேட்டது டிஃபரன்ஷியல் உள்ள கேஸ் என்பதால் இப்படி எழுதியிருக்கிறேன்.

இத்தனை செய்தும் ஒரு இடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். முன்வரிசையில் இருந்த ரிட்டயர்ட் புரொபசர் ஒருவர், "பயாப்சிக்கு ஊசி குத்துவதற்கு முன் மெட்டாநெஃப்ரின் பார்த்தீர்களா?" என்று கேட்டார். ஃபியோகுரோமோசைட்டோமாவில் தெரியாமல் ஊசி குத்தினால் பி.பி. எகிறி ஆளே போய்விடலாம், அதனால் நியாயமான கேள்விதான். பார்த்திருந்தோம், நார்மல். ஸ்லைடில் போட மறந்துவிட்டேன். ரிப்போர்ட் வார்டில் கேஸ் ஃபைலுக்குள் இருந்தது. என் கோ-ரெசிடென்ட் நான்கு மாடி இறங்கி ஓடி எடுத்து வருவதற்குள் ஹாலில் பாதிப் பேர் டீக்கு எழுந்து போய்விட்டார்கள்.